கழுத்தைப் பார்ப்பதா, வயிற்றை ஸ்கேன் எடுப்பதா?

காலும் வயிறும் வீங்கி வருபவரிடம் எதை முதலில் பார்ப்பது? நான் இப்போது கழுத்துக் கட்சி. ஒரு காலத்தில் ஸ்கேன் கட்சியாக இருந்து சூடு பட்டவன்.

காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்து ஆச்சி ஒருவர், வயது அறுபதைத் தாண்டியவர். ஸ்கேனில் ஈரல் பெருத்திருந்தது, வயிற்றில் நீர், இரத்தத்தில் பிலிரூபின் 2.2, இயல்பைவிடக் கூடுதல். ஈரல் சுருக்கமென்று நினைத்து மருந்து எழுதிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குப் போனால், வளவில் தூணில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். பேசாமல் இருக்கும்போதும் அவருடைய வைரத்தோடு ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடியது.

காது மடலை அசைத்தது கழுத்துச் சிரை. இதயத்தின் வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மூவிதழ் வால்வு மூடாவிட்டால், கீழறை சுருங்கும்போதெல்லாம் இரத்தம் மேலே திரும்பியடிக்கும். அந்த அடியைத் தடுக்க வழியில் ஒன்றும் இல்லாததால் கழுத்தும் ஈரலும் வாங்கிக்கொள்கின்றன. விலாவின் கீழே கை வைத்தேன், ஈரலும் துடித்தது.

ஸ்கேனைக் குறை சொல்லவில்லை. ஈரல் சிரைகள் புடைத்திருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தால் அதுவும் காட்டிக்கொடுக்கும். நான் கேட்கவில்லை. ஈரல் பெருத்ததும் வயிற்றில் நீர் கட்டியதும் ஈரல் சுருக்கத்துக்கும் இந்த வால்வுக் கசிவுக்கும் பொது. பிரித்துக் காட்டுவது கழுத்துதான். ஈரல் சுருக்கத்தில் கழுத்துச் சிரை பெரும்பாலும் உயர்ந்திருக்காது.

பார்க்கும் விதம் முக்கியம். 45 டிகிரி சாய்த்து, நெஞ்செலும்பின் மேல்பக்கம் விரலில் தட்டுப்படும் மேட்டிலிருந்து துடிப்பின் உச்சிவரை நேர்செங்குத்தாக அளக்க வேண்டும். 3, 4 செ.மீ.க்கு மேல் போனால் அதிகம். அழுத்தம் மிகவும் கூடினால் உச்சி தாடைக்குள் மறைந்து, ஒன்றுமே இல்லாததுபோலத் தோன்றும். முதல் நாள் படுக்கையில் நான் கோட்டைவிட்டது இப்படித்தான். நிமிர்த்தி உட்கார வைத்தால் உச்சி கீழே இறங்கிக் கண்ணுக்குப் படும். தமனியா சிரையா என்று குழப்பமென்றால் கழுத்தடியில் லேசாக அழுத்துங்கள். சிரைத் துடிப்பு அடங்கிவிடும், தமனி அடங்காது.

சரி, கழுத்துக்கும் எல்லை உண்டு. தடித்த கழுத்தில் என் கண்ணை நானே நம்புவதில்லை. மேலறை நன்றாக விரிந்துகொடுத்தால், கடுமையான கசிவிலும் துடிப்பு அடங்கியே இருக்கலாம். எவ்வளவு கசிகிறது, ஏன் கசிகிறது என்பதற்கு எக்கோதான்.

ஆச்சியின் எக்கோவில் மூவிதழ்கள் நன்றாகவே இருந்தன. சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் இடப்பக்க மிட்ரல் வால்வைச் சுருக்கியிருந்தது. அதனால் நுரையீரலில் அழுத்தம் ஏறி, வலது கீழறை விரிந்து, வால்வின் வளையமும் அகன்று, இதழ்கள் ஒன்றையொன்று எட்டவில்லை. மதுரைக்கு இதய அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன்.

"அப்ப ஈரலுக்குக் குடுத்த மாத்திரை, தம்பி?"

"அதை விட்டுருங்க ஆச்சி. நீர் பிரியுற மாத்திரை மட்டும் இருக்கட்டும்."