கம்மியா, நுரைக்கும் குளிசையா? எங்கள் வீட்டில் எது நின்றது

அமெரிக்காவிலிருந்து வந்த மச்சாள் என் 5 வயது மகளுக்கு மிட்டாய் போல மெல்லும் விற்றமின் கம்மி ஒரு பெரிய போத்தல் கொண்டுவந்து தந்தார். அதே கிழமை உவர்மலைப் பக்கம் ஒரு பார்மசியில் நான் எனக்கென்று ஐரோப்பியத் தயாரிப்பான நுரைக்கும் குளிசைக் குழாய் ஒன்றை வாங்கியிருந்தேன். இரண்டும் ஒரே மேசையில் இருந்தபோதுதான் லேபிள்களை ஒழுங்காக வாசித்தேன். இப்போது வீட்டில் பாவனையில் இருப்பது குளிசைதான்.

ருசி, விலை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கம்மி இனிக்கும், சீனியும் இருக்கும். குளிசையைக் கரைக்க ஒரு கிளாஸ் தண்ணீர் வேண்டும். என்னைத் தீர்மானிக்க வைத்தது அந்த சதவீதக் கணக்கு.

கம்மி போத்தலில் ஒரு சேர்விங் 2 துண்டு. அதில் விற்றமின் ஏ 450 மைக்ரோகிராம், துத்தநாகம் 5.5 மில்லிகிராம். இரண்டுக்கும் நேரே 50% என்று போட்டிருந்தது. பாதித் தேவைதானே, பயமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த 50% யாருடைய தேவையில்? அமெரிக்க லேபிளில் 4 வயதுப் பிள்ளைக்கும் 40 வயது ஆளுக்கும் ஒரே அளவுகோல்: ஏ 900 மைக்ரோகிராம், துத்தநாகம் 11 மில்லிகிராம். 4 முதல் 8 வயதுப் பிள்ளைக்கு உண்மையில் ஒரு நாளைக்கு வேண்டியது ஏ 400, துத்தநாகம் 5 மட்டுமே. ஆக லேபிளில் பாதி என்று இருப்பது என் மகளுக்கு முழுத் தேவையையும் தாண்டுகிறது.

மேல் எல்லையைப் பார்த்தால் இன்னும் நெருக்கம். அமெரிக்காவில் இந்த வயதுக்கு வைத்திருக்கும் எல்லை ஏ 900, துத்தநாகம் 12. பெரியவர்களின் 100% என்பதே விற்றமின் ஏயில் பிள்ளையின் எல்லையைத் தொட்டுவிடுகிறது, துத்தநாகத்தில் அதற்கு மிகக் கிட்ட வருகிறது.

ஒரு நாள் பின்னேரம் மகள் 6 துண்டு சாப்பிட்டுவிட்டாள். மூன்று சேர்விங். ஏ 1350, துத்தநாகம் 16.5, இரண்டும் எல்லைக்கு மேலே. விற்றமின் சி 135 மில்லிகிராம்தான்; அதற்கு எல்லை 650, ஆகவே பிரச்சினை இல்லை. இந்த எல்லைகள் நாளாந்தம் தொடர்ந்து எடுப்பதற்கு வகுத்தவை, ஒரு நாள் தவறுக்கு அல்ல. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மாதக்கணக்கில் போனால் ஏ ஈரலில் சேரும், கூடுதல் துத்தநாகம் செம்பை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். அந்தப் போத்தலில் இரும்பு இல்லை. இருந்திருந்தால் கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன், இரும்பு அளவு மிஞ்சினால் சிறு பிள்ளைகளுக்கு அவ்வளவு ஆபத்து.

இன்னொன்று, விற்றமின் ஏ எந்த வடிவில் இருக்கிறது என்பது. எல்லை ரெட்டினோல் வகைக்குத்தான். லேபிளில் ரெட்டினைல் பால்மிடேட் என்று இருந்தால் அது. பீட்டா கரோட்டின் அந்த எல்லையில் சேராது. பப்பாசி, முருங்கையிலையில் இருப்பதும் பீட்டா கரோட்டின்தான், அதனால் அவற்றைத் தாராளமாகக் கொடுக்கிறேன்.

கடற்கரை வெக்கையில் கம்மிக்கு வேறொரு குறையும் உண்டு. இரண்டாம் கிழமையே அடியில் இருந்தவை ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டன. பிள்ளை பிய்த்தெடுத்த துண்டு ஒன்றா மூன்றா என்று யாரால் சொல்ல முடியும்? துண்டை எண்ண முடியாவிட்டால் லேபிளில் உள்ள எண்ணுக்கு அர்த்தமே இல்லை. குளிசையில் அந்தக் குழப்பம் வராது: நான்தான் எடுத்துக் கரைக்கிறேன், ஒன்றென்றால் ஒன்றுதான்.

சரி, குளிசை குறையில்லாததா? இல்லை. நான் வாங்கியதில் விற்றமின் சி 80 மில்லிகிராம், ஐரோப்பிய அளவுகோலில் 100%. பக்கத்திலேயே 1000 மில்லிகிராம் குழாயும் இருந்தது, அது 1250%. பெரியவர்களின் எல்லை 2000 என்பதால் ஒன்று போட்டால் எல்லைக்குள்தான், ஆனால் எல்லை தாண்டினால் வயிற்றோட்டம் வரலாம். 5 வயதுப் பிள்ளைக்கோ அந்த ஒரு குளிசையே 650ஐத் தாண்டும். நான் சிறிய அளவையே எடுத்தேன். அதையும் மகளுக்குக் கொடுப்பதில்லை, பெரியவர்களுக்கு என்றே அதில் எழுதியிருக்கிறது.

நுரை வருவது சிட்ரிக் அமிலமும் சோடியம் பைகார்பனேற்றும் சேர்வதால். அதனால் பல குளிசைகளில் ஒன்றுக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை சோடியம் இருக்கும். உலக சுகாதார அமைப்பு ஒரு நாளைக்குச் சொல்வதே 2000க்குக் குறைவாக. பிரஷர் குளிசை எடுக்கும் அம்மா 'எனக்கும் ஒன்று கரைத்துத் தா பிள்ளை' என்று கேட்டபோது இதனால்தான் மறுத்தேன். அவருக்கு உப்புப் போடாத தேசிக்காய்த் தண்ணீர்.

மாரி ஈரப்பதத்தில் குளிசை எப்படித் தாங்கும் என்று இன்னும் பார்க்கவில்லை. இதுவரை ஒரு குழாய்தான் முடித்திருக்கிறேன், அதுவும் கோடையில். மூடியில் உள்ள ஈரம் உறிஞ்சும் பொருளை எறியாமல், எடுத்த கையோடு இறுக்கி மூடி வைத்தேன், கடைசிக் குளிசை வரை நன்றாக நுரைத்தது.