ஆன்லைன் ஆட்டமா, அச்சடித்த படமா: ஒன்பதாம் வகுப்பில் 'இது எந்த ஊர்?'

கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். படத்தைக் காட்டி இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் விளையாட்டை இரண்டு விதமாக நடத்திப் பார்த்தாயிற்று. ஒன்று, ஜியோகெஸ்ஸர் மாதிரியான ஆன்லைன் ஆட்டத்தை புரொஜெக்டரில் போட்டு மொத்த வகுப்பும் சேர்ந்து ஆடுவது. இன்னொன்று, படங்களை அச்சடித்து, துப்புகளைத் தனித்தனி கவரில் போட்டு, அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு குழுக்களாக ஆடுவது. இரண்டில் எது 45 நிமிடப் பீரியடுக்குச் சரிப்படும் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஆன்லைன். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும், அதில் சந்தேகமே இல்லை. படம் நாலாபக்கமும் சுற்றும், சாலையில் நடந்து போகலாம், திரையில் ஒரு திசைகாட்டி இருக்கும். அந்தத் திசைகாட்டி எவ்வளவு பெரிய வசதி என்று அச்சுப் படத்துக்கு மாறிய பிறகுதான் எனக்குப் புரிந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். மழைக்காலத்தில் நெட் இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை உறுத்தியது மதிப்பெண் போடும் முறை. ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 5000. வரைபடத்தில் நீங்கள் குத்திய புள்ளி சரியான இடத்துக்கு எவ்வளவு பக்கம் என்பதை வைத்து மட்டுமே மதிப்பெண் விழும். ஏன் அங்கே குத்தினாய் என்று அது கேட்பதில்லை. இலங்கையின் நுவரெலியா படத்தைப் பார்த்து ஊட்டி என்று குத்தினால் தவறு சுமார் 660 கிலோமீட்டர். உலக வரைபடத்தில் ஆடும்போது அதற்கே பாதிக்கு மேல் மதிப்பெண் கிடைத்துவிடும். வேறு நாட்டையே சொன்ன பிள்ளை கைதட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அப்புறம், மௌஸ் ஒருவர் கையில்தான் இருக்கும். முன்வரிசையில் நாலு பேர் கத்துவார்கள், மீதி முப்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

அச்சுப் படத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், எந்தத் துப்பு எப்போது வர வேண்டும் என்பதை நானே முடிவுசெய்யலாம் என்பது. ஆன்லைனில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் பட்டதும் ஆட்டம் முடிந்துவிடுகிறது, மலை, மண், வெயில் எதையும் யாரும் பார்ப்பதில்லை. அதனால் கவரில் எழுத்தைக் கடைசியில் வைக்கிறேன். முதலில் நிலமும் செடியும், இரண்டாவது வெயிலும் நிழலும், மூன்றாவது மனிதர் கட்டியது, நான்காவது எழுத்து.

தேயிலைத் தோட்டப் படத்தை எடுத்துக்கொள்வோம், எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் பொறி. சரிவு முழுக்கப் பச்சை, நடுநடுவே சில்வர் ஓக். முதல் கவரிலேயே ஆறு குழுவும் 'நீலகிரி' என்று எழுதிவிட்டன. காரணம்? 'சில்வர் ஓக் இருக்கு சார்.' அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், இலங்கை, கென்யா தேயிலைப் பகுதிகளிலும் நட்டிருக்கிறார்கள் என்றதும் முகம் மாறியது. சரி, வாகனம் இடப்பக்கம் போகிறதே என்றார்கள். இந்தியா, இலங்கை, கென்யா மூன்றிலும் இடப்பக்கம்தான். கடைசிக் கவரில் சாலைப் பலகை, அதில் தமிழ். ஐந்து குழுக்கள் குதித்தன. ஆறாவது குழுவில் ஒரு மாணவி மட்டும் மேலே இருந்த வட்ட வட்ட எழுத்தைக் காட்டி, இது மலையாளம் இல்லை, பாட்டி வீட்டுப் பழைய காகிதத்தில் பார்த்திருக்கிறேன் என்றாள். பாட்டி 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இங்கே வந்தவர். இலங்கைச் சாலைப் பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். தமிழ் எழுத்து இருப்பதால் தமிழ்நாடு என்று ஆகிவிடாது என்பதை நான் பத்து முறை சொல்லியிருந்தாலும் இப்படிப் பதிந்திருக்காது.

அதிலிருந்து மதிப்பெண் முறையை மாற்றினேன். ஒவ்வொரு படத்துக்கும் குழு 20 மதிப்பெண்ணோடு தொடங்கும். முதல் கவர் இலவசம், அடுத்து திறக்கும் ஒவ்வொன்றுக்கும் 4 குறையும். 'இந்த இடம் இல்லை, ஏனென்றால்...' என்று அட்லஸ் பார்த்து எழுதும் ஒவ்வொரு சரியான நீக்கத்துக்கும் 3 கூடும். கடைசி விடை தவறினாலும் நீக்கத்துக்கான மதிப்பெண் போகாது. விடை மட்டும் சரி, காரணம் எதுவும் இல்லை என்றால் 5தான். ஒரு பீரியடில் மூன்று படங்களுக்கு மேல் வைக்காதீர்கள். படத்துக்குப் பத்து நிமிடம், மீதி நேரம் பேசுவதற்கே சரியாக இருக்கும்.

இப்போது அந்தத் திசைகாட்டி விஷயம். இந்த ஆட்டம் ஆடுபவர்களிடையே ஒரு விதி பிரபலம்: நண்பகல் சூரியன் தெற்கே இருந்தால் வடகோளம், வடக்கே இருந்தால் தென்கோளம். ஆன்லைனில் திசைகாட்டி இருப்பதால் உடனே பார்த்துவிடலாம். அச்சுப் படத்தில் எது வடக்கு என்றே தெரியாது, அதனால் நிழல் துப்பு முழுக்க வீண். ஓரத்தில் ஒரு வடக்கு அம்பும், எடுத்த தேதியும் நேரமும் எழுதினால்தான் வேலை செய்யும். முதல் முறை நான் எழுதவில்லை, அந்தக் கவரைத் திறந்த குழுக்களுக்கு 4 மதிப்பெண் சும்மா போயிற்று.

ஆனால் அந்த விதியே நம்மூரில் பாதிப் பொய். நாம் இருப்பது சுமார் 11.4 பாகை வட அட்சத்தில். ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 23ஐ ஒட்டியும் சூரியன் தலைக்கு நேர்மேலே வரும், இடைப்பட்ட நாலு மாதமும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான். ஜூனில் நான் கோத்தகிரியில் எடுத்த படத்தை அம்போடு கொடுத்தேன், நிழல் தெற்கே விழுந்திருந்தது. விதியை மனப்பாடம் செய்திருந்த குழு ஆஸ்திரேலியா என்று எழுதியது! எழுதியது அவர்கள் தினமும் பஸ் ஏறும் இடத்தின் படத்துக்கு. மறுநாளே மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டோம். ஜூன் 21 வாக்கில், நம் கடிகாரத்தில் 12.25 சுமாருக்கு, நிழல் 21 செண்டிமீட்டர், தெற்கே. டிசம்பர் 21 வாக்கில் அதே குச்சிக்கு 70 செண்டிமீட்டர், வடக்கே விழும். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையே அந்த விதி தேதி இல்லாமல் செல்லாது என்று பிள்ளைகளே நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

இன்னொன்றும் அச்சில்தான் முடியும்: படத்தை வெட்டிக் கொடுப்பது. மலை ரயில் படத்தில் பெட்டி, நிலையம் எல்லாம் வெட்டிவிட்டு தண்டவாளத்தை மட்டும் கொடுத்தேன். நடுவில் பல்லுப் பட்டை தெரிகிறது. இந்தியாவில் பயணிகள் ரயிலுக்குப் பல்சக்கரப் பாதை என்றால் நீலகிரி மலை ரயில்தான், அதிலும் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மட்டும். குன்னூரிலிருந்து ஊட்டிவரை சரிவு குறைவு, பட்டை கிடையாது. டார்ஜிலிங் என்று சொன்ன குழுவிடம், அங்கே பல்சக்கரம் இல்லை, பாதையை வளைத்தும் முன்னும் பின்னுமாக ஓட்டியும்தான் ஏற்றுகிறார்கள் என்று அடுத்த குழுவே சொல்லிவிட்டது. ஒரே இரும்புப் பட்டை உலகத்தையே சுமார் 20 கிலோமீட்டருக்குச் சுருக்கிவிட்டது.

அச்சின் குறை, வேலை அதிகம். ஆறு குழுவுக்கு மூன்று படம் என்றால் 18 கலர் பிரிண்ட், கவர்களைச் சேர்த்து எனக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போயிற்று. அடுத்த பிரிவுக்கு அதே படங்களைக் கொடுத்தால் விடை இடைவேளையிலேயே பரவிவிடும். மேகம் மூடிய படத்தில் நிழல் கவருக்கு எதுவும் இருக்காது என்பதையும் தேர்வு செய்யும்போதே பார்த்துவிடுங்கள்.

அதனால் என் முடிவு: முதல் இரண்டு பீரியட் அச்சு, மூன்றாவதுதான் ஆன்லைன். அப்போதும் மௌஸ் என் கையில். குழுக்கள் சிலேட்டில் இரண்டு நாடுகளைக் காரணத்தோடு அடித்துக் காட்டிய பிறகுதான் நான் புள்ளி குத்துவேன். போன முறை ஒரே சுற்றுக்கு 14 நிமிடம் ஆனது, பீரியடில் இரண்டு சுற்றுதான் ஆட முடிந்தது. ஆனால் இரண்டாவது சுற்றில் பலகை கண்ணில் படும் முன்பே பின்வரிசையிலிருந்து ஒரு பையன், 'சார், திசைகாட்டியைக் காட்டுங்க, படம் எந்த மாசம் எடுத்ததுன்னும் பாருங்க' என்றான்.