வாசெக்டமி செய்து ஒன்றரை வருடம்: மூன்று ரிப்போட்டும் ஐந்து மாதக் காத்திருப்பும்

எனக்கு 41 வயது. திருகோணமலை டவுனில் சின்ன ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன், வீடு நிலாவெளியில். மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்குப் பிறகு மனைவி மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெப்போ என்ற கருத்தடை ஊசி போட்டு வந்தார். அது அவருக்கு ஒத்துவரவே இல்லை. விட்டுவிட்டு இரத்தப்போக்கு, அதோடு களைப்பு. இரண்டு வருடம் பொறுத்துக்கொண்டார். இனி நான்தான் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்து 2024 பெப்ரவரி 10 ஆம் தேதி வாசெக்டமி, அதாவது விந்துக்குழாயை வெட்டிக் கட்டும் ஆண் கருத்தடை ஒபரேஷன், செய்துகொண்டேன்.

ஒபரேஷனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விதைப்பையில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். அரை மணித்தியாலத்துக்குள் முடிந்தது, அன்றே வீட்டுக்கு வந்துவிட்டேன். இறுக்கமான ஜட்டி போட்டு, துணியில் சுற்றிய ஐஸை இருபது நிமிடம் வைத்து எடுத்து, பனடோல் குடித்துக்கொண்டு இரண்டு நாள் படுத்திருந்தேன். அஸ்பிரின் மட்டும் வேண்டாம், அது இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் என்றார்கள்.

நான் பிழை விட்டது நான்காவது நாளில். ஒரு வாரத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். கடையில் சீமெந்து இறக்க ஆள் போதவில்லை, ஒரு மூட்டையின் ஒரு பக்கத்தை மட்டும்தானே என்று பிடித்துக் கொடுத்தேன். ஒரு மூட்டை 50 கிலோ. பின்னேரம் பார்த்தால் இடது பக்கம் கருநீலமாகி வீங்கியிருந்தது. பயந்துபோய் டொக்டரிடம் ஓடினேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு அளவு சொல்லித் தந்தார். தோல் கன்றிப்போய் நிறம் மாறுவது வரக்கூடியதுதான், தானாக ஆறும். ஆனால் வீக்கம் மணிக்கு மணி பெரிதாகி, கல் மாதிரி இறுகி, வலியும் கூடிக்கொண்டே போனால் உள்ளே இரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். காய்ச்சல் வந்தாலோ காயத்தில் சீழ் வந்தாலோ கிருமி தொற்றிவிட்டது. இந்த மூன்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் வர வேண்டும். எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. பத்து நாளில் நிறம் மஞ்சளாகி மறைந்தது. பிறகு இரண்டாம் மாதத்தில் கடலைப்பருப்பு அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வெட்டிய முனையிலிருந்து கசியும் விந்தணுவைச் சுற்றி உடம்பு கட்டும் சிறு முடிச்சாம். அழுத்தினால் நோகும், மற்றபடி தொந்தரவு இல்லை. இப்போதும் தேடிப் பிடித்தால் தெரிகிறது.

வீக்கமும் வலியும் இரண்டு வாரத்து விஷயம். நான் எழுத நினைத்தது அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி. என் மச்சான் உட்பட நான் பேசிய ஆண்களில் பலர், வெட்டிவிட்டால் அன்றோடு வேலை முடிந்தது என்றுதான் நினைக்கிறார்கள்.

அப்படி இல்லை. குழாய் விற்கிறவன் என்பதால் இது எனக்குச் சீக்கிரம் புரிந்தது. தண்ணீர்த் தாங்கியின் வால்வைப் பூட்டினாலும் குழாயில் நிற்கிற தண்ணீர் கொஞ்ச நேரம் வந்துகொண்டுதான் இருக்கும். விந்துக்குழாயை வெட்டிக் கட்டிய இடத்துக்கு மேலே, புரோஸ்டேட் வரை போகிற பகுதியில், முன்பே வந்து சேர்ந்த விந்தணுக்கள் தங்கியிருக்கின்றன. ஒவ்வொரு தடவை விந்து வெளியேறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக அவை போகின்றன. பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. விந்துநீரில் மிகப் பெரும்பகுதி விந்துப்பையிலும் புரோஸ்டேட்டிலும் சுரக்கிற திரவம், விந்தணுவின் பங்கு மிகச் சொற்பம். அதனால் அளவும் நிறமும் முன்பு இருந்த மாதிரியே இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும்.

அதனால்தான் மூன்று மாதம் வேறு முறை பாவிக்க வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரையும் அந்த மூன்று மாதம்தான். சில நாடுகளில் அதோடு இருபது தடவையாவது விந்து வெளியேறியிருக்க வேண்டும் என்றும் கேட்பார்கள்.

எங்கள் கணக்கு இப்படி இருந்தது. மனைவி கடைசி டெப்போ ஊசியைப் போட்டது பெப்ரவரி 2 இல். அது மே மாத ஆரம்பம் வரை போதும். என் பன்னிரண்டு வாரம் முடிவது மே 4. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக முடிகிறது, இடையில் ஒன்றும் தேவையில்லை என்று நான் சந்தோஷப்பட்டேன். எங்கள் பகுதி மிட்வைப் அக்கா அதைக் கேட்டுவிட்டு, "தம்பி, அந்த நாள் வாறது பரிசோதனைக்கான நாள். ரிப்போட் நல்லா வரும் எண்டு யார் சொன்னது? கொண்டம் வாங்கி வையுங்கோ" என்றார். வாங்கி வைத்தேன். அது நல்லதாகப் போயிற்று.

மே 7 இல் முதல் பரிசோதனை. வீட்டில் காலை 7.20 க்கு எடுத்து, ஒரு லாப்பில் 7.55 க்குக் கொடுத்தேன். பொழுதுபட ரிப்போட் வந்தது: ஒரு சில விந்தணுக்கள் காணப்பட்டன, அசைவு இல்லை. அசையாவிட்டால் செத்தவைதானே என்று நினைத்துக்கொண்டு டொக்டரிடம் போனேன். அவர் முடிவை வாசிக்க முதல் ரிப்போட்டில் இருந்த நேரத்தைப் பார்த்தார். சோதித்த நேரம் 11.30 என்று அடித்திருந்தது. நான் கொடுத்த விந்து மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல் மேசையில் இருந்து, எடுத்து நாலு மணித்தியாலம் கழித்துத்தான் சோதிக்கப்பட்டிருக்கிறது. அன்று அங்கே ஒரே சனம், ஒரே ஒருவர்தான் வேலையில் நின்றார் என்பது எனக்கும் ஞாபகம் வந்தது.

டொக்டர் விளக்கியது இதுதான். வெளியே வந்த விந்தணு நேரம் போகப்போக அசைவை இழக்கும். நாலு மணித்தியாலம் கழித்துப் பார்த்து 'அசைவு இல்லை' என்று எழுதினால், முதலே அசையாமல் இருந்ததா, மேசையில் இருந்து அசைவு போனதா என்று சொல்ல முடியாது. இந்த வித்தியாசம் பெரியது. அசையாத சில விந்தணுக்கள் இருந்தால், பெரும்பாலும் குழாயில் மிச்சமிருந்த பழையவை. அசைகிறவை இருந்தால் கருத்தரிக்கும் அபாயம் இருக்கிறது. மூன்று மாதம் தாண்டியும் அசைகிறவை தெரிந்தால், வெட்டிய இரண்டு முனைகளுக்கும் இடையில் மெல்லிய வழி ஒன்று திறந்திருக்கலாம் என்றும் சந்தேகப்பட வேண்டும். ஆறு மாதம் கழித்தும் அசைகிறவை இருந்தால் ஒபரேஷன் தோல்வி என்று எடுத்து, திரும்பச் செய்ய வேண்டிவரும். அசைவைப் பற்றி நம்பிச் சொல்ல, எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள், அதிகம் போனால் இரண்டு மணித்தியாலத்துக்குள் பார்க்க வேண்டும்.

அடுத்து அவர் கேட்டது, இந்த மூன்று மாதத்தில் எத்தனை தடவை விந்து வெளியேறியிருக்கும் என்று. நான் யோசித்துப் பார்த்தேன். மாமிக்குச் சுகமில்லாமல் மனைவி மார்ச்சிலிருந்து சித்திரை வருடப்பிறப்பு வரை மட்டக்களப்பில் நின்றார். ஏழெட்டுத் தடவைக்கு மேல் இராது. இதைக் கேட்கும்போது கூச்சமாக இருந்தது, ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான் அது. முக்கியமானது காலம் என்றாலும், எண்ணிக்கை குறைந்தால் மிச்சம் வெளியேற இன்னும் நாள் எடுக்கலாம் என்றார். ஒரு மாதம் கழித்துத் திரும்பச் செய்யச் சொன்னார், அதுவரை கொண்டம்.

அந்த மாதம் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. ஊசியின் காலமும் முடிந்துவிட்டது. மனைவி ஒருநாள், "நான் திரும்பவும் ஊசி போடவா?" என்று கேட்டார். எனக்கு மனம் தாங்கவில்லை. வேண்டாம், ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகக் கொண்டம் பாவிப்போம் என்றேன். பாவித்தோம்.

இரண்டாவது தடவை வேறு லாப். முதல் நாளே நேரில் போய், வாசெக்டமிக்குப் பிறகு பார்க்கிற பரிசோதனை, உடனே பார்க்க வேண்டும் என்று சொல்லி நேரம் கேட்டேன். காலை 9.30 க்கு வரச் சொன்னார்கள். நிலாவெளியிலிருந்து கொண்டு வராமல் அங்கேயே எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் தந்த அகலவாய்ப் போத்தலில் நேரடியாக எடுக்க வேண்டும், ஒரு துளியும் சிந்தக் கூடாது. சாதாரண கொண்டத்தில் எடுத்துக் கொடுக்கக் கூடாது, அதில் பூசியிருப்பது விந்தணுவைக் கெடுக்கும். சவர்க்காரமோ எண்ணெயோ படக் கூடாது. வீட்டில் எடுத்தால் ஐஸில் வைக்காமல், சட்டைக்குள் உடம்புச் சூட்டோடு கொண்டு வர வேண்டும். போத்தலில் எடுத்த நேரத்தை நானே எழுதினேன்: 9.40. ரிப்போட்டில் சோதித்த நேரம் 10.15. முடிவு: அங்கொன்றும் இங்கொன்றுமாக விந்தணு, ஒன்றிலும் அசைவு இல்லை, மில்லிலீட்டருக்கு ஒரு இலட்சத்துக்கும் குறைவு.

அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டலின்படி, உடனே பார்த்த மாதிரியில் இந்த அளவுக்குள் அசையாதவை மட்டும் இருந்தால் வேறு முறையை நிறுத்தலாம் என்று டொக்டர் சொன்னார். ஆனாலும், "உங்களுக்கு மனம் ஆற வேண்டுமென்றால் இன்னொன்று செய்யலாம்" என்றார். நாங்கள் இருவரும் இன்னொன்று செய்யவே விரும்பினோம். ஜூலை 9 இல் மூன்றாவது ரிப்போட்: விந்தணு ஒன்றும் இல்லை. அன்றோடு கொண்டத்தை நிறுத்தினோம். ஒபரேஷனிலிருந்து சரியாக ஐந்து மாதம்.

இப்போது ஒன்றரை வருடம் தாண்டிவிட்டது. மனைவிக்கு இரத்தப்போக்குத் தொல்லை போய்விட்டது, உடம்பு தேறியிருக்கிறார். உறவில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ரிப்போட் சுத்தமாக வந்த பிறகும் ஏறத்தாழ 2000 பேரில் ஒருவருக்கு, பல மாதமோ வருடமோ கழித்துக் குழாய் தானாக இணைந்து கரு தங்கலாம் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். இந்த வருடம் ஒருமுறை மனைவிக்கு மாதவிடாய் இரண்டு வாரம் தள்ளிப்போனபோது அதை நினைத்து வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்த்தோம். ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்று பின்னேரமே நான் இன்னொரு விந்துப் பரிசோதனைக்கு நேரம் எடுத்தேன், அதுவும் சுத்தமாகவே வந்தது.