டீக்கடைக்கு யுபிஐ லைட், கரண்ட் பில்லுக்கு வங்கிக் கணக்கு: பணம் திரும்பி வரும் வழியை வைத்து ஒரு ஒப்பீடு

கூகுள் பே, போன்பே, பேடிஎம், பீம் நான்கில் எது நல்லது என்பதில் பெரிய விஷயம் இல்லை. நான்கும் ஓடுவது ஒரே யுபிஐ தடத்தில்தான். பணம் எங்கிருந்து போகிறது என்பதுதான் முக்கியம். நேராக வங்கிக் கணக்கிலிருந்து போகலாம், கணக்கிலிருந்து சிறு தொகையை ஆப்பில் ஏற்றி வைக்கும் யுபிஐ லைட்டிலிருந்து போகலாம், முன்கூட்டியே பணம் போட்டு வைத்த வாலட்டிலிருந்தும் போகலாம். போன பணம் திரும்பி வர வேண்டிய நாளில்தான் இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

சில்லறைச் செலவுக்கு என் ஓட்டு யுபிஐ லைட்டுக்கு. ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் போடாமல் அனுப்பலாம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வைத்திருக்கலாம். பின் கேட்காத வசதியை விடப் பெரிய லாபம் வேறு. கடையில் பணம் தொங்குவது பெரும்பாலும் நம் வங்கியின் சர்வர் சரியான நேரத்தில் பதில் சொல்லாததால். லைட்டில் ஒவ்வொரு டீக்கும் வங்கியின் மையக் கணக்கைத் தொட வேண்டியதில்லை, அதனால் அந்தத் தொங்கல் குறைகிறது. பாஸ்புக்கிலும் லைட்டில் பணம் ஏற்றிய வரி மட்டும்தான் வரும். பதினைந்து ரூபாய் வரிகள் பக்கம் பக்கமாக நிரம்பாது. கடைக்காரர் ரீஃபண்ட் கொடுத்தால் அது லைட்டுக்கு வராமல் வங்கிக் கணக்குக்கே போகும். லைட் இருப்பு ஏறவில்லை என்று பதறாமல் கணக்கைப் பாருங்கள்.

லைட்டுக்குக் குறையும் உண்டு. பின் இல்லாததால், திறந்த போன் பிறர் கையில் சிக்கினால் அதில் உள்ளது போய்விடும். ஐந்நூறு, ஆயிரத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். போன் மாற்றுவதற்கு முன் ஆப்பில் லைட்டை மூடிவிடுங்கள்; மீதி வங்கிக் கணக்குக்குத் திரும்பும். மூடாமல் ஆப்பை நீக்கினால் அந்தப் பணத்துக்காக வங்கியிடம் அலைய நேரிடும்.

பில்லுக்கு நேரடி வங்கிக் கணக்குதான். ஆப்பின் பில் பகுதியில், பில் கட்டுவதற்கான பொது அமைப்பான பாரத் கனெக்டின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக் கட்டுங்கள். இதில் நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: கடைசி நாளில் கட்டாதீர்கள். கடைக்கோ நிறுவனத்துக்கோ அனுப்பிய யுபிஐ பணம் கணக்கில் கழிந்து, அந்தப் பக்கம் சேராமல் போனால், 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. தனிநபருக்கு அனுப்பியது என்றால் கெடு 1 நாள்தான்.

கரண்ட் பில் 1,860 ரூபாய், கடைசி நாள் 20 என்று வைத்துக்கொள்வோம். 13-ஆம் தேதி கட்டுகிறீர்கள். கணக்கில் பணம் கழிந்துவிட்டது, ஆப்பில் பெண்டிங். உடனே மறுபடி கட்டாதீர்கள். முதல் பணமும் போய்ச் சேர்ந்தால் இரண்டு முறை கட்டியதாகிவிடும். மறுநாள் மின்வாரியத் தளத்தில் உங்கள் இணைப்பு எண்ணைப் போட்டுப் பாருங்கள். ரசீது வந்திருந்தால் ஆப் என்ன காட்டினாலும் கவலை இல்லை. வரவில்லை என்றால் 18 வரை பொறுங்கள். திரும்பிவிட்டால் மறுபடி கட்ட இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. திரும்பவில்லை என்றால் ஆப்பில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து புகார் போடுங்கள், அந்தப் பரிமாற்றத்துக்கான 12 இலக்க யூடிஆர் எண்ணோடு வங்கியிலும் எழுதிக் கொடுங்கள். 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் புகார் தளமான cms.rbi.org.in-இல் புகார் போடுங்கள். அதே பில்லை 20-ஆம் தேதி இரவு கட்டியிருந்தால் பொறுத்திருக்க நாளே இருக்காது.

வாலட்டை நான் கடைசியில்தான் வைப்பேன். வாலட்டில் கட்டியதற்கு ரீஃபண்ட் வழக்கமாக வாலட்டுக்கே வரும். குறைந்தபட்ச கேஒய்சி, அதாவது முழு அடையாளச் சரிபார்ப்பு முடிக்காத வாலட்டில் உச்சவரம்பு 10,000 ரூபாய். சாதாரணமாக அதை வங்கிக்கு மாற்றவும் முடியாது. முழு கேஒய்சி முடித்தால் மாற்றலாம். 2024 மார்ச் 15-க்குப் பிறகு பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கியின் வாலட்டில் புதிதாகப் பணம் போட ரிசர்வ் வங்கி தடை விதித்தபோது, இருந்த பணத்தைப் பயன்படுத்த அனுமதி இருந்தது. ஆனாலும் பெரிய தொகையை வாலட்டில் போட்டு வைக்க வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எந்த வழியில் கட்டியிருந்தாலும் ரீஃபண்ட் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. "ரீஃபண்ட் அனுப்புகிறோம், பின் போடுங்க" என்றால் உங்கள் கணக்கிலிருந்து பணத்தை எடுக்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடாமல் ஆப்புக்குள்ளிருந்தே எடுங்கள். தேடலில் போலி எண்களும் வருகின்றன. தெருக்கடையில் சொந்தக் கணக்கின் க்யூஆர் ஒட்டியிருந்தால் அங்கே ரீஃபண்ட் பட்டன் கிடையாது, கடைக்காரர் புதிதாகத்தான் பணம் அனுப்ப வேண்டும். அவர் போனில் தெரியும் பச்சை டிக்கை நம்பாமல், உங்கள் கணக்கு இருப்பைத் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.