இன்டர்வியூவில் லீட், ஆஃபர் லெட்டரில் சீனியர் இன்ஜினியர்: என் 1,35,000 ரூபாய் போன கதை

நேற்று சாயங்காலம்தான் கம்பெனியில் நான் போட்டிருந்த புகார் டிக்கெட்டை மூடினார்கள். 'Resolved' என்று பச்சையில் போட்டிருக்கிறார்கள். எனக்கு வர வேண்டிய 1,35,000 ரூபாய் வராது என்பதுதான் அந்த ரிசால்வ். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிப்போனால் "சரி விடு, வேலையாவது இருக்கே" என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

கம்பெனி பெயர் வேண்டாம். ஓஎம்ஆரில் இருக்கும் நடுத்தர ஐடி சர்வீஸ் கம்பெனி, அவ்வளவுதான். மூன்றாவது ரவுண்டில் பேசியவர் டெலிவரி மேனேஜர். நல்ல மனுஷன் மாதிரிதான் தெரிந்தது. "உங்களை லீடாதான் எடுக்கிறோம், ஜி6 கிரேடு. ஆறு பேர் டீம் இருக்கு, ரெண்டு பேர் ஃப்ரெஷர், நீங்கதான் வளர்த்து எடுக்கணும்" என்றார். டீம் உட்காரும் தளம் வரை சொன்னார். அப்போதே நான் மனதளவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சம்பளம் பேசும்போது எச்ஆர் பெண் இன்னொன்றும் சொன்னார்: 45 நாளில் சேர வேண்டும், நோட்டீஸ் காலம் முடியும் முன்பே வருவதற்காகப் பழைய கம்பெனிக்குக் கட்டும் பணத்தை, அதாவது நோட்டீஸ் பைஅவுட்டை, அவர்களே திருப்பித் தருவார்கள். இரண்டு பேர் சொன்னதும் வாயால். ஒரு வரி மெயில் கூட இல்லை.

ஆஃபர் லெட்டர் வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு வந்தது. 48 மணி நேரத்தில் ஏற்காவிட்டால் காலாவதி. பேசிய சம்பளம் அப்படியே இருந்தது. ஆனால் பதவி 'சீனியர் இன்ஜினியர்', கிரேடு ஜி5. உடனே எச்ஆருக்குப் போன் போட்டேன்.

"அது சிஸ்டத்துல டீபால்ட்டா வர்றது சார். சம்பளம் பேசினபடிதானே இருக்கு? டெசிக்னேஷன் இன்டர்னல்தான், ஜாயினிங் அன்னிக்கு மாத்திடலாம். நீங்க அக்செப்ட் பண்ணிடுங்க, இல்லேன்னா சண்டே ஈவினிங் லிங்க் எக்ஸ்பயர் ஆயிடும்."

நம்பினேன். குரலில் அவ்வளவு அக்கறை. 'Accept' அழுத்திவிட்டு, பதில் மெயிலில் "மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன், பதவிப் பெயரை முடிந்தபோது சரிபார்க்கவும்" என்று எழுதினேன். அந்த 'முடிந்தபோது'வை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. ஏற்றும் கொண்டேன், குறையையும் நானே சின்னதாக்கிக் கொடுத்தேன். திங்கட்கிழமை ராஜினாமா.

பழைய இடத்தில் நோட்டீஸ் 90 நாள். மீதி 45 நாளுக்கு, நாளுக்கு 3,000 வீதம் 1,35,000 ரூபாய். கடைசி செட்டில்மென்ட்டில் பிடித்தது போக, போதாத பணத்துக்கு அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. அதைக் கட்டினால்தான் ரிலீவிங் லெட்டர் தருவோம் என்றார்கள். எப்படியும் திரும்பி வரப்போகிற பணம்தானே என்று இருந்தேன்.

சேர்ந்த முதல் நாள் கேட்டேன். "ஆன்போர்டிங் முடியட்டும் சார்." இரண்டாவது வாரம் அந்த எச்ஆர் பெண்ணின் எண்ணுக்கு அடித்தால், அவர் ஏஜென்சி மூலம் வந்த கான்ட்ராக்ட் ரெக்ரூட்டராம், போய்விட்டாராம். மேனேஜரிடம் போனேன். இன்டர்வியூவில் அப்படிப் பேசியவர் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: "நான் ரெகமண்ட் மட்டும்தான் பண்ணேன்பா. கிரேடு முடிவு பண்றது காம்ப் டீம். அந்த ரெக்விசிஷனே ஜி5லதான் அப்ரூவ் ஆயிருக்கு."

விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஆளெடுக்க அனுமதி வாங்கும்போதே ஒரு கிரேடைக் குறித்துத்தான் வாங்குகிறார்கள். இன்டர்வியூ எடுப்பவர் அதைப் பார்க்காமல், அல்லது பார்த்தும், ஆசை காட்டிப் பேசிவிடுகிறார். நான் ஏற்பதற்கு முன் கேட்டிருந்தால் அது ஒரு ஆஃபர் திருத்தம்: மேனேஜர் ஒரு அப்ரூவல் கேட்க வேண்டும், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஏற்றபின் கேட்டால் அதன் பெயர் புரமோஷன். இங்கே அதற்கு ஒரே கிரேடில் குறைந்தது 18 மாதம் இருக்க வேண்டும்.

பைஅவுட் கிளெய்ம் போட்டேன். திருப்பி அனுப்பினார்கள். காரணம் ஒரே வரி: ஜி6-ம் அதற்கு மேலும் மட்டுமே தகுதி. டெசிக்னேஷன் 'இன்டர்னல்தான்' என்றார்களே, அந்த இன்டர்னல் 1,35,000 ரூபாயை விழுங்கிவிட்டது. இன்னொன்றும் பிறகுதான் புரிந்தது. ஜி6 சம்பளத்தை ஜி5-இல் வாங்குவதால் நான் அந்த கிரேடின் உச்சியில் நிற்கிறேன். "நீங்க ஏற்கனவே பேண்ட் டாப்ல இருக்கீங்க" என்று சொல்லி ஹைக்கையும் குறைப்பார்களாம், பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். நாளைக்கு வேறு இடத்துக்குப் போனாலும் சரிபார்ப்பில் 'சீனியர் இன்ஜினியர்' என்றுதான் வரும். ரெஸ்யூமில் லீட் என்று போட்டால் பொய் சொன்னவன் நான்தான். டீம்? ஆறு பேரையும் பார்த்துக்கொள்ளும் வேலை மட்டும் என்னிடம்தான் இருக்கிறது.

வக்கீல் நண்பன் ஒருவனிடம் லெட்டரைக் காட்டினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தியைத் தொட்டுக் காட்டினான்: இதற்கு முன் வாய்மொழியாகவோ எழுத்திலோ பேசிய எல்லாவற்றுக்கும் பதிலாக இந்தக் கடிதமே நிற்கும். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சியா?" என்றான். படிக்கவில்லை. முதல் பக்கத்தில் சம்பள அட்டவணையைத்தான் மூன்று தடவை படித்தேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. அந்த வெள்ளிக்கிழமை நான் அனுப்பியிருக்க வேண்டிய மெயிலை மட்டும் சொல்கிறேன். எச்ஆருக்கு, சிசியில் அந்த மேனேஜர்: "ஆஃபருக்கு நன்றி. இந்தத் தேதி இன்டர்வியூவில் லீட், ஜி6 என்று சொல்லப்பட்டது. கடிதத்தில் சீனியர் இன்ஜினியர், ஜி5 என்று உள்ளது. எது சரி? ஜி6 என்றால் திருத்திய கடிதம் அனுப்புங்கள், பார்த்து ஏற்கிறேன். ஜி5 தான் என்றால் நோட்டீஸ் பைஅவுட் எனக்குப் பொருந்துமா என்று எழுத்தில் சொல்லுங்கள். அதுவரை கடைசித் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்." அவ்வளவுதான். சண்டை இல்லை, ஏற்பும் இல்லை. ஜி5 தான் என்று பதில் வந்திருந்தால் பழைய இடத்திலேயே 90 நாளையும் முடித்துவிட்டு வந்திருப்பேன், இல்லை வராமலே இருந்திருப்பேன். சங்கிலி வீட்டில் இருந்திருக்கும்.

போனில் சொன்னால், வைத்த கையோடு "இப்போது நீங்கள் சொன்னபடி" என்று மெயில் போடுங்கள். திருத்திய கடிதம் கையில் வராமல் ராஜினாமா செய்யாதீர்கள். 'Accept' அழுத்திவிட்டுக் குறை சொல்லாதீர்கள். 48 மணி நேரக் கெடுவுக்குப் பயப்படாதீர்கள், மூன்று ரவுண்டு எடுத்தவர்களுக்கும் அவசரம் இருக்கிறது.

டிக்கெட்டைத் திரும்பத் திறந்திருக்கிறேன். இன்று மதியம் பதில் வந்தது: "உங்கள் அனுபவத்தை ஐந்து நட்சத்திரத்தில் மதிப்பிடவும்."