இசக்கி ஆணா, பெண்ணா? மனக்கணக்கும் படமும்

தேர்வில் வரும் உறவுமுறைக் கேள்வி ஒன்று: "இசக்கி, மாரியின் பிள்ளை. மாரியின் கணவர் சுடலை. சுடலையின் தங்கை பேச்சி. பேச்சிக்கு இசக்கி என்ன உறவு?"

வாயாலேயே கோத்துப் பார்க்கிறவர் "அண்ணன் மகன், ஆகவே மருமகன்" என்று குறித்துவிடுவார். நெல்லைச் சீமையில் இசக்கி என்ற பெயர் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு என்பதை அவசரத்தில் மறந்துவிடுகிறோம்.

தாளில் வரைந்தால் தப்பலாம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், தெரியாதவருக்குக் கேள்விக்குறி. தம்பதிக்கு இரட்டைக் கோடு, உடன்பிறந்தாருக்கு ஒற்றைக் கோடு, பிள்ளைக்குக் கீழ்நோக்கிய கோடு. கணவர் சுடலை என்றதும் மாரி வட்டமாகிறார். மேல் வரிசையில் மாரி, சுடலை, பேச்சி; கீழே இசக்கி, கடைசிவரை கேள்விக்குறியாகவே. எனவே விடை 'தீர்மானிக்க இயலாது'. கொடுத்த விடைகளில் 'அண்ணன் பிள்ளை' என்று இருந்தால் மட்டும் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் "இவருடைய தாயின் ஒரே மகள் என் தாய்" போன்ற ஒற்றை வரிக்குப் படம் வீண். அவர் ஆண் என்று தெரிந்தால் தாய்மாமன், அவ்வளவுதான்.

இன்னொன்று: நம் பக்கம் அத்தை மாமியாராவதும் உண்டு. கேள்வி சொல்லாத அந்தக் கல்யாணத்தைப் படத்தில் நடத்திவைக்காதீர்கள்.