ஊட்டிக் குளிரில் ஆறு ஆண்டுகள்: என் 250 மி.லி. பிரிபுனல்

உதகமண்டலத்தில் மாணவர்களுக்கு அயோடினின் பங்கீட்டுக் குணகத்தை அளக்கக் கற்றுக்கொடுக்க, ஆறு ஆண்டுகளாக ஒரே பிரிபுனலைப் பயன்படுத்துகிறேன். 25 மி.லி. கார்பன் டெட்ராகுளோரைடில் அயோடினைக் கரைத்து, 150 மி.லி. நீருடன் குலுக்கி, இரண்டு அடுக்குகளிலும் எவ்வளவு அயோடின் இருக்கிறது என்று தயோசல்பேட்டால் தரம்பார்ப்போம். கரைப்பானில் உள்ள செறிவு நீரில் உள்ளதைப்போல் எத்தனை மடங்கு என்பதே அந்தக் குணகம். கரைப்பான் நஞ்சு என்பதால் எல்லாம் புகைக்கூண்டுக்குள்தான்.

முதல் இரண்டு ஆண்டுகள் விடை, வரவேண்டிய 85-ஐ நெருங்கவே இல்லை. 76, 78 என்றே வந்தது. தயோசல்பேட்டைப் புதிதாகத் தயாரித்தும் மாறவில்லை. ஒரு நாள் தரம்பார்த்து முடித்த குடுவையை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். நிறமற்றுப்போயிருந்த கரைசலில் ஸ்டார்ச்சின் நீலம் மீண்டும் எட்டிப்பார்த்தது. குனிந்து பார்த்தால், அடியில் கடுகளவு ஊதாத் துளி ஒன்று கிடந்தது.

குற்றம் புனலின் திருகுக்குழாயில் இருந்தது. கனமான கரைப்பான் முதலில் இறங்கியபின், அதன் துளையிலும் கால்குழலிலும் கொஞ்சம் தங்கிவிடும். அடுத்து அதே வழியாக நீரை இறக்கினால், தங்கியதும் சேர்ந்து வரும். அது எவ்வளவு கெடுக்கும்? 5 மி.லி. கரைப்பான் அடுக்குக்கு 0.05 நார்மல் தயோசல்பேட் 17.0 மி.லி. செலவானது, அதன் செறிவு 0.085 மோலார். 50 மி.லி. நீருக்கு 0.01 நார்மல் கரைசல் 10.0 மி.லி. போதும், செறிவு 0.001 மோலார், குணகம் 85. அந்த நீரில் 0.05 மி.லி. கரைப்பான் கலந்துவிட்டால் செலவு 10.85 ஆகிவிடும், குணகம் 78-க்கு இறங்கிவிடும். ஒரே ஒரு துளி!

அதிலிருந்து நீரைக் கீழ்வழியாக எடுப்பதே இல்லை. கரைப்பானை இறக்கி, எல்லைக்கோட்டை ஒட்டிய சிறிதளவையும் வடித்து ஒதுக்கிவிட்டு, மீதி நீரை மேல்வாய் வழியாகச் சாய்த்து ஊற்றுகிறோம். நீரின் மேல்பரப்பிலும் சிறு துளிகள் மிதக்கும் என்பதால், அடுக்குகள் பிரியும்போதே புனலை மெல்லச் சுழற்றி அவற்றை இறங்க வைக்க வேண்டும்.

கண்ணாடித் திருகையும் மாற்றினேன். அதற்குத் தடவும் கிரீஸ் அயோடினை உறிஞ்சிப் பழுப்பேறியது. டெஃப்லான் திருகுக்குக் கிரீஸே வேண்டாம். விலை கூடுதல்தான், ஆனாலும் வாங்குங்கள் என்பேன்.

இந்த ஊர்க் குளிரில் ஒரு நன்மை உண்டு: ஸ்டார்ச்சின் நீலம் இங்கே பளிச்சென்று தெரிகிறது, முடிவுப் புள்ளியில் சந்தேகமே வராது. தொல்லையும் உண்டு. ஜனவரிக் காலையில் புனலின் வயிற்றை உள்ளங்கையால் தாங்கிக் குலுக்கினால் கரைசல் சூடேறி, ஒவ்வொரு மாணவருக்கும் ஒவ்வொரு வெப்பநிலை ஆகிவிடும். கழுத்தையும் திருகையும் மட்டும் பிடித்துக் குலுக்கச் சொல்கிறேன். பிறகு நீர்த்தொட்டியில் இருபது நிமிடம் வைத்து, தொட்டியின் வெப்பநிலையை விடையின் பக்கத்திலேயே எழுத வைக்கிறேன்.